சுவருக்கு உடுத்திய சேலை

இசக்கித்தாய் தன் வீட்டு முன்னறையில் கையை மேலே தூக்கிச் சோம்பல் முறித்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. தூக்கினால் விரல் முட்டி பலகையில் இடிக்கும். இடித்தால் பலகை இடுக்கிலிருந்து பஞ்சுத் தூசி கொட்டும். தூசி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எலிப்புழுக்கையும் சேர்ந்து விழும்.

அவள் வாசுதேவநல்லூர்ப் பக்கத்து வயல்காட்டுக் குடும்பத்துப் பெண். ஐந்தடி எட்டங்குலம். ஊரில் அவளை நெட்டச்சி என்றார்கள். "இவளுக்கு மாப்பிள்ளை தேடணும்னா ஏணி வச்சுத்தான் தேடணும்" என்று பெரியம்மாமார் சிரித்தார்கள். கடைசியில் ஏணி ஒன்றும் தேவைப்படவில்லை. சங்கரன்கோவிலில் நாலு விசைத்தறி வைத்திருந்த சண்முகையா ஐந்தடி இரண்டங்குலம்தான் இருந்தார். தாலி கட்டும்போது அவள் கொஞ்சம் குனிந்துகொண்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை என்றே அவள் வெகுநாள் நினைத்திருந்தாள்.

அவள் வந்த காலத்தில் அந்த முன்னறை நல்ல உயரம். ஓட்டுக்கூரை, நடுவே ஒரு கண்ணாடி ஓடு. காலையில் அதன் வழியாக வெயில் தூண் மாதிரி இறங்கும். நாலு வருஷம்தான். அறுபத்தேழில் சண்முகையா ஒரு தச்சனைக் கூட்டி வந்து, அறையின் குறுக்கே உத்தரம் போட்டு, பனஞ்சட்டம் பரப்பி, பலகை அடித்து மச்சு கட்டிவிட்டார். மேலே நூல் மூட்டை அடுக்க இடம் வேண்டுமாம். கீழே மிஞ்சியது ஆறே முக்கால் அடி.

"குட்டையா போயிட்டே" என்று அவள் அன்றைக்கே சொன்னாள்.

சண்முகையா அறையின் நடுவில் போய் நின்று தன் தலைக்கு மேலே கையை நீட்டிக் காட்டினார். "எங்க குட்டை? எந்தலைக்கு மேல ஒரு முழம் சும்மா கெடக்கே."

அதுதான் அவர் அளவுகோல். பதினேழு வருஷமும் அந்த ஒரு முழத்தைத்தான் காட்டினார்.

அந்த அறையில்தான் அவள் தையல் மிஷின் கிடந்தது. தறியில் இறங்கும் சேலைகளுக்கு ஓரம் அடிப்பாள், தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். சீலிங் பேன் மாட்ட முடியாது, மாட்டினால் முதலில் அவள் தலைதான் போகும். டேபிள் பேன் போட்டால் மேலிருந்து விழுந்த பஞ்செல்லாம் எழும்பி, திறந்து வைத்த தயிரில் போய் ஒட்டிக்கொள்ளும். தயிரில் மிதக்கிற பஞ்சை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுச் சோற்றைப் பிசைகிற கணவனைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும். அவர் ஏப்பம் விட்டு எழுந்து போவார்.

எண்பதுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பஞ்சுத் தூசி ஆகாதும்மா, காத்தோட்டமா இருங்க" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதற்கு, "அவரு சொல்லுவாரு, அவரு என்ன தறியா ஓட்டுதாரு?" என்றார் சண்முகையா.

மகள் கோமதித்தாயை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருவர்தான். எண்பத்து நாலில் ஸ்டேஷன் போகிற வழியில் சண்முகையா ஒரு தகரக் கொட்டகை போட்டார். நூலை இனி அங்கே கொண்டுபோய்விடலாம். மச்சுக்கு வேலை இல்லை. இசக்கித்தாய் விடவில்லை.

"கொட்டகைதான் வந்துட்டே. மச்சைப் பிரிச்சிருங்க. வீட்டை ஒசத்திக் குடுங்க. நான் கேக்குதது இது ஒண்ணுதான்."

"ஆடித்தபசு கழியட்டும் ஏட்டி. கழிஞ்ச மறுநாளே ஆளைக் கூட்டியாந்து பிரிச்சிருதேன். சங்கரநாராயண சாமி சத்தியம்."

சாமி பேரைச் சொன்னதால் அவள் நம்பினாள். அதோடு, அந்த வருஷம் அவருக்கே அந்த அறையைப் பற்றி ஒரு கூச்சம் இருந்தது. போன தபசுத் திருவிழாவுக்கு மதுரையிலிருந்து வந்த ஜவுளி வியாபாரி அய்யாத்துரை, சாப்பிட்டு எழுந்தவர், நடு உத்தரத்தில் நங்கென்று முட்டிக்கொண்டார். நெற்றி புடைத்துவிட்டது. அவர் நல்ல வளர்த்தி. சேலை முழுக்க அவர் கடைக்குத்தான் போகிறது. இந்த வருஷம் வீட்டம்மாவையும் கூட்டி வருவதாகக் கடுதாசி போட்டிருந்தார்.

"அந்தம்மா வந்து பார்த்தா என்ன நெனைப்பா? குகைக்குள்ள குடியிருக்கோம்னு நெனைப்பா" என்று சண்முகையா முதல்முறையாகக் கவலைப்பட்டார்.

கவலையை அவள் அடுத்த வீட்டு மெஹர்பானுவிடம் சொன்னாள். பானு இவளிடம் தையல் கற்றுக்கொள்ள வந்து, பத்து நாளில் இவளுக்கே கற்றுக்கொடுக்க ஆரம்பித்தவள். புருஷனோடு ஆறு வருஷம் பம்பாயில் இருந்துவிட்டு வந்திருந்தாள். மச்சான் என்று அவள் சொல்லும் அந்தப் புருஷன் அங்கே ஸ்கிரீன் துணிக் கடையில் வேலை பார்த்தார்.

பானு வாசலில் நின்று அறையை ஒரு தடவை பார்த்தாள். தெருப்பக்கம் ஒரே ஜன்னல். மூன்றடி அகலம், மூன்றரையடி உயரம். நம்மூர் வழக்கப்படி கீழ்ப்பாதியை மட்டும் மறைத்து, ஸ்பிரிங் கம்பியில் ஒரு முழத் துண்டுத் துணி தொங்கியது.

"பம்பாய்ல நாங்க இருந்த ரூம் இதைவிடக் குட்டை அக்கா. மேல இன்னொரு குடும்பம் பலகை போட்டுப் படுத்துக்கெடக்கும். அதுலயே எங்க மச்சான் ஒசரமாக் காட்டினாரு."

"பலகையைத் தூக்காமயா?"

"தூக்காமத்தான். நீங்க ஜன்னலுக்குத் துணி கட்டுதீங்க. ஜன்னலுக்கு இல்ல அக்கா, செவுத்துக்கு உடுத்தணும். கம்பியை ஜன்னல் நிலையில அடிக்காதீங்க. பலகைக்கு ரெண்டு விரக்கடை கீழ அடிங்க. துணி அங்கேருந்து தரை வரைக்கும் ஒரே நீட்டா எறங்கணும். கண்ணு என்ன செய்யும்? துணி தொடங்குத இடத்துலதான் ஜன்னல் தொடங்குதுன்னு நெனைச்சுக்கிடும். இம்புட்டுப் பெரிய ஜன்னல்னா ரூமும் பெருசுதான்னு அதுவே முடிவு கட்டிக்கிடும்."

"இது ஏமாத்து வேலைல்லா."

"பின்ன? ரவிக்கைக்குக் கோட்டுப் போட்ட துணி எடுக்கும்போது ஒடம்பு மெலிஞ்சு தெரியணும்னு நெடுங்கோடாத்தானே கேக்காளுவ. அது என்ன, சத்தியமா?"

இசக்கித்தாய்க்குச் சிரிப்பு வந்தது. ஒரு தபசுக்குத்தானே, மறுநாள் மச்சு போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். துணிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தறிக்காரன் கண் அசந்தால் முந்தி போட மறந்து தறி ஓடிப்போய்விடும், உடல் டிசைனே கடைசி வரைக்கும் வந்துவிடும். முந்தியில்லாத சேலையை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படிப் பாழாய்ப்போனவை வீட்டில் எட்டுப் பத்துக் கிடந்தன. அதில் வெளிர் சந்தன நிறத்தில், கரையில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு ஓடிய ஒன்றை எடுத்தாள். சுவரும் ஏறக்குறைய அதே நிறம்.

"சுவர் கலர்லயே இருக்கட்டும். பட்டுன்னு வேற கலரு போட்டா அறையை வெட்டிக் காட்டிரும்" என்றாள் பானு. "முந்தி இல்லாததும் நல்லதாப் போச்சு. முந்தி குறுக்க ஓடும். குறுக்க ஓடுனா குட்டையாக்கும். கரை பாருங்க, நெட்டுக்க ஓடுது."

ஐந்தரைக் கெஜச் சேலையைத் தண்ணீரில் அலசிக் கஞ்சி போக்கி, சுருங்குவது சுருங்கட்டும் என்று காயவைத்து, பிறகுதான் வெட்டினாள். இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் எட்டடிக்குக் கிட்ட வந்தது. மேலே மடிப்பு, கீழே நாலு விரல் மடிப்பு, மிச்சம் வெட்டிப் போட. ஒரு சேலை ஒரு ஜன்னலுக்கு அளவெடுத்து நெய்த மாதிரி சரியாகப் போயிற்று.

கம்பி அடிக்கத் தச்சர் நல்லக்கண்ணு வந்தார். அரை அங்குல இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஜன்னல் நிலையைத் தட்டிப் பார்த்தார்.

"இங்கன ரெண்டு ஆணி. முடிஞ்சு போச்சு."

"அங்கன இல்ல அண்ணாச்சி. மேல. பலகைக்குக் கீழ."

"ஜன்னல் கீழல்லா இருக்கு."

"இருக்கட்டும். ரெண்டு பக்கமும் ஜன்னலைத் தாண்டி முக்காலடி, முக்காலடி தள்ளி அடிங்க."

நல்லக்கண்ணு குழாயைத் தரையில் வைத்தார். "தாயி, வீட்டுல அலங்காரம் எதுவும் நடக்கா? சந்நிதியிலதான் இப்படி நெலைக்கு மேலேருந்து தரை வரைக்கும் திரை போடுவாவ. திரை எடுத்தா உள்ள யாரு இருப்பா, நம்ம மொதலாளியா?"

"அவரு நின்னாத் திரையே வேண்டாம். யாரு கண்ணுக்கும் தெரியாது" என்றாள் இசக்கித்தாய்.

சுவரில் துளை போட்டு, மரக்கட்டை ஆப்பு இறுக்கி, அதில் திருகாணி முடுக்கினார். குழாயில் வளையம் கோர்த்துத் துணியைத் தொங்கவிட்டார்கள். துணியின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அகலம் குழாயைப் போல ஒன்றே முக்கால் மடங்கு இருந்ததால் மடிப்பு மடிப்பாக விழுந்தது.

மறுநாள் காலை தெருவில் வெயில் ஏறியதும் குட்டு வெளிப்பட்டது. மூடிய துணிக்குப் பின்னால் ஜன்னல் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே சுவர் இருட்டு. சின்ன ஜன்னல் சின்ன ஜன்னலாகவே காட்டிக்கொடுத்தது.

பானு வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவாடை கட்டாம சேலை உடுத்தின மாதிரி இருக்கு அக்கா."

அவசரமாகக் காடாத்துணி வாங்கி, உள்பக்கம் வைத்துத் தைத்தார்கள். பிறகு வெளிச்சம் ஊடுருவவில்லை. பகலில் துணியை இரு பக்கமும் ஒதுக்கினாலும் நன்றாகவே இருந்தது. ஒதுக்கிய துணி சுவர்மேல் நின்று, கண்ணாடி முழுக்கத் திறந்து கிடந்தது. பச்சைக் கரைகள் தரையிலிருந்து பலகை வரை ஓடின. இசக்கித்தாய் தூரத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று பார்த்தாள். அறை எழும்பி நின்றது. எப்படி என்று தெரிந்திருந்தும் கண் ஏமாந்தது. அவள் கையைத் தூக்கினாள். முட்டி நங்கென்று இடித்தது.

தபசு அன்று மத்தியானம் அய்யாத்துரையும் அவர் மனைவியும் வந்தார்கள். நடு உத்தரத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்ததால் அய்யாத்துரை இந்தத் தடவை குனிந்துகொண்டார். அந்த அம்மா உள்ளே வந்ததும் ஜன்னலைத்தான் பார்த்தாள்.

"வீட்டை மாத்திக் கட்டிட்டீங்களா? போன தடவை இவங்க வந்து ரொம்பக் குட்டைன்னு சொன்னாங்களே. நல்ல உயரமாத்தானே இருக்கு."

சண்முகையா செருமிக்கொண்டார். "ஒம்பது அடி இருக்கும்மா. ஸ்கிரீனு மட்டும் நம்ம ஐடியா. கம்பியை மேல தூக்கி அடிக்கணும்னு நான்தான் தச்சன்கிட்ட ஒத்தக்கால்ல நின்னேன். பொம்பளையளுக்கு இதெல்லாம் எங்க தெரியுது?"

இசக்கித்தாய் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியில் இருந்த கூட்டு இலையில் விழாமல் ஒரு கணம் தொங்கியது. அவர் சொன்ன பொய்யைவிட, அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஊறிய திருப்தி அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மோரில் மேலிருந்து ஒரு பஞ்சு மெல்ல இறங்கி உட்கார்ந்தது. அவர் அதையும் சேர்த்துக் குடித்தார்.

தபசு கழிந்தது. ரத வீதியில் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் இசக்கித்தாய் மிஷினை மூலைக்கு நகர்த்தி, பாத்திரங்களை அடுக்களைக்குள் ஏறக்கட்டி, மச்சு பிரிக்கிறவர்களுக்கு இடம் ஒதுக்கி வைத்தாள். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"நல்லக்கண்ணு அண்ணாச்சிகிட்டச் சொன்னியளா?"

"எதுக்கு?"

"மச்சு பிரிக்க."

சண்முகையா ஜன்னலைக் கையால் காட்டினார். "இனி எதுக்குட்டி பிரிக்கணும்? அதான் ஒசந்துட்டே. நீயே ஒசத்திட்டியே. வந்தவங்கள்லாம் என்ன சொன்னாவ? கேட்டேல்லா. கொட்டகையில நான் இன்னும் நாலு தறி போடப்போறேன். நூலு மச்சுலயே கெடக்கட்டும்."

"அது ஒசரமாத் தெரியுது. ஒசரமா இல்ல."

"தெரிஞ்சாப் போதாதா?"

"எனக்கு மூச்சு முட்டுதுல்லா."

"ஸ்கிரீனை ஒதுக்கி வையி. காத்து வரும்." அவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "எந்தலைக்கு மேல ஒரு முழம் கெடக்கு."

சாமி சத்தியத்தை அவள் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தினால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், அதைக் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை. எச்சில் இலையை மடித்து எறிந்துவிட்டு வந்து அந்தத் துணியைப் பார்த்தாள். அவள் கையால் வெட்டியது. அவள் கையால் உள்துணி வைத்துத் தைத்தது. தன்னை அடைத்த கூட்டுக்குத் தானே ஜரிகை கட்டிவிட்ட மாதிரி இருந்தது. கணவன்மேல் வந்த அருவருப்பில் பாதி தன்மேலேயே திரும்பியது.

அதற்குப் பிறகு அவர் தெருவில் போகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார். "வே, இங்கன வாரும். இந்த மூலையில நின்னு பாரும். எத்தனை அடி சொல்லும்." ஒருவர் எட்டு என்பார், ஒருவர் ஒன்பது என்பார். வெற்றிலை குதப்பிய வாயோடு வந்தவர்கள் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். அடிமடிப்பில் ஒரு சிவப்புக் கறை விழுந்தது. அவள் எத்தனை தேய்த்தும் அது போகவில்லை.

"கழத்தி எறிஞ்சிருவோமா அக்கா?" என்று பானு கேட்டாள். அவளுக்கும் குற்ற உணர்ச்சி இருந்தது.

"கழத்துனா மறுபடி கட்டச் சொல்லுவாரு. இருக்கட்டும். ஒம்பது அடின்னு சொல்லுதாருல்லா? ஒம்பது அடிக்கு எத்தனை மூட்டை நிக்கும்?"

"என்ன மூட்டை?"

"நூல் மூட்டை. ஒண்ணு ஒண்ணரை அடி."

பானு விரலை மடக்கினாள். "ஆறு."

"ஆறு நிக்கட்டும்" என்றாள் இசக்கித்தாய்.

புரட்டாசி முதல் வாரம் சண்முகையா சரக்கோடு மதுரைக்குப் போனார். திரும்ப இரண்டு நாள் ஆகும். போன பஸ் தெரு முனை தாண்டியிருக்காது, இசக்கித்தாய் நல்லக்கண்ணுவையும் சுமை தூக்குகிற இரண்டு ஆட்களையும் ஆள் அனுப்பி வரவழைத்தாள்.

"மச்சைப் பிரிக்கவா தாயி? மொதலாளி சொன்னாவளா?" என்று நல்லக்கண்ணு தயங்கினார்.

"ஒரு பலகையைத் தொட வேண்டாம் அண்ணாச்சி. மேல உள்ள மூட்டையைக் கீழ எறக்கணும். கீழ உள்ள மிஷினை மேல ஏத்தணும். அவ்வளவுதான்."

"கீழ எங்க வைக்க?"

"முன்னறையில. ஒம்பதடி ஒசரம்லா. அடுக்குங்க."

நல்லக்கண்ணு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மச்சுக்கு ஏறினார்.

மூட்டைகளை நகர்த்த நகர்த்த மச்சின் வயிறு தெரிந்தது. பதினேழு வருஷத்துப் பஞ்சு பலகைமேல் மெத்தையாகக் கிடந்தது. அதற்குள் எலிகள் கூடு கட்டியிருந்தன. ஒரு கூட்டில் ரோமம் முளைக்காத குஞ்சுகள் சிவப்பாக நெளிந்தன. இன்னொன்றில் காய்ந்துபோனவை. சுமைக்காரர் ஒருவர் இறங்கிப் போய் வாசலில் வாந்தி எடுத்தார். இசக்கித்தாய் மூக்கில் சேலையைக் கட்டிக்கொண்டு கூடைகூடையாக அள்ளினாள். இத்தனை வருஷமும் இதன் கீழேதான் சோறு தின்றிருந்தார்கள். ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்து, சாம்பிராணி போட்டாள்.

முன்னறையில் மூட்டைகள் சுவரை ஒட்டி ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதைத் தூக்கிய ஆள் அதைப் பலகைக்கும் மூட்டைக்கும் நடுவில் செருகப் பார்த்தார். முக்காலடி இடைவெளிதான் இருந்தது. நுழையவில்லை.

"போதும். நாலு நாலா நிரப்புங்க" என்றாள்.

ஜன்னல் பக்கமும் அடுக்கினார்கள். சந்தன நிறத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் நசுங்கி, மேலே ஒரு சாண் மட்டும் தெரிந்தது. வாசலிலிருந்து அடுக்களைக்கு ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து மட்டும் மிச்சம்.

மேலே, கண்ணாடி ஓட்டுக்குக் கீழே மிஷினைப் போட்டாள். மச்சில் நின்றால் தலைக்கு மேலே கூரை முகடு எட்டடி உயரத்தில் இருந்தது. அவளிடமிருந்து எடுத்த உயரமெல்லாம் இங்கேதான் நூல் மூட்டைக்குக் கிடைத்திருந்தது. அவள் கையைத் தூக்கினாள். ஒன்றும் இடிக்கவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டினாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் சண்முகையா வந்தார். தனியாக வரவில்லை. அய்யாத்துரையும் அவர் மனைவியும் கூட வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மதுரையில் வீட்டு மாடியறைக்கு இதே மாதிரி ஸ்கிரீன் போட வேண்டுமாம். கம்பி எப்படி அடித்திருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம். சண்முகையாவே அவர்கள் காரில் ஏறிக் கூட்டி வந்துவிட்டார்.

வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். உள்ளே போக இடமில்லை.

"ஏட்டி." சண்முகையாவின் குரல் மூட்டையில் பட்டு அமுங்கியது. "ஏட்டி, எங்க இருக்க?"

"மேல."

அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். "என்ன செஞ்சு வச்சிருக்க?"

"நீங்கதானே சொன்னிய, அறை ஒசந்துட்டுன்னு. ஒசந்த அறையில நூலை வச்சேன். குட்டையில இருந்துதான் எனக்குப் பழக்கம், அதான் மச்சுக்கு வந்துட்டேன்." மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது. பலகை இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "மதினியா வந்திருக்கு? வாங்க மதினி. ஏணி வழியா மேல வாங்க, காப்பி போடுதேன்."

அய்யாத்துரையின் மனைவி மூட்டை அடுக்கை ஒரு தடவை கீழிருந்து மேலாகப் பார்த்தாள். துணி வியாபாரி வீட்டுப் பெண். நூல் மூட்டையின் கனமும் உயரமும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாலு மூட்டைதானே நிக்குது" என்றாள். "ஒம்பது அடின்னீங்களே அண்ணாச்சி."

அய்யாத்துரை தன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "எனக்குப் போன வருஷமே தெரியும்" என்றார். அவர் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சந்தில் ஒருக்களித்து நுழைந்து ஏணியில் ஏறிப் போனாள். மேலே இரண்டு பெண்களும் கம்பி, ஆப்பு, உள்துணி என்று பேசிக்கொண்டிருந்தது கீழே நின்ற ஆண்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் யோசனையாமே?"

"அவரு யோசனை ஒரு முழம்தான் மதினி. அதுக்கு மேல போவாது."

அன்றைக்குச் சண்முகையா கத்தினார். மூட்டையைத் திரும்ப ஏற்றச் சொன்னார். சுமைக்காரர்கள், "அம்மா மச்சுல குடியிருக்காவளே மொதலாளி, எப்படி ஏத்த?" என்று நழுவினார்கள். அவர் கொட்டகையில் போய்ப் படுத்தார். கிளப்புக் கடையில் சாப்பிட்டார். சேலை எடுக்க வந்த ஆட்கள் வாசலோடு நின்று பேசிவிட்டு, உட்கார இடமில்லாமல் திரும்பினார்கள். ஐந்தாம் நாள் கழுகுமலையிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் சந்தில் ஒருக்களித்து நுழையப் பார்த்து, வெள்ளைச் சட்டை கிழிந்து, பேச்சை முறித்துக்கொண்டு போய்விட்டார். ஆறாம் நாள் காலை சண்முகையாவே நல்லக்கண்ணுவைக் கூட்டி வந்தார். மூட்டைகள் வண்டியேறிக் கொட்டகைக்குப் போயின. இசக்கித்தாய் மிஷினோடு கீழே இறங்கினாள். மச்சைப் பிரிக்க மூன்று நாள் ஆயிற்று.

கடைசிப் பலகை இறங்கியதும் வெயில் நேராகத் தரைக்கு வந்தது. சுவரின் பாதியில், ஒரு காரணமும் இல்லாமல், இரும்புக் குழாயும் நசுங்கிய துணியும் தொங்கின. மேலே அதே அளவுக்குச் சுவர் வெறுமனே கிடந்தது. உயர்ந்த அறையில் அது இடுப்பில் கட்டாமல் முழங்காலில் கட்டிய வேட்டி மாதிரி இருந்தது.

"கம்பியை மேல தூக்கி அடிச்சிருவோமா தாயி?" என்று நல்லக்கண்ணு கேட்டார்.

"வேண்டாம். கழத்திருங்க."

சண்முகையா நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காற்றை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. கொஞ்சம் சமாதானமாகப் பேசலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "நல்லாத்தான் இருக்கு" என்றார். "மூட்டை வைக்க எடமில்லன்னதும்தான் யோசிச்சேன். நாலுக்கு மேல நுழையலியே. கண்கூடாப் பார்த்தேன்லா."

இசக்கித்தாய் வெற்றிலைக் கறை பட்ட துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மூட்டை இடிச்சது ஆறு நாள்ல தெரிஞ்சுட்டு ஒங்களுக்கு" என்றாள். "என் கை பதினேழு வருஷமா இடிச்சுக்கிட்டுத்தான் இருந்தது."

பதிலுக்குக் காத்திருக்காமல் துணியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கிழித்து, நாலு கரித்துணியாக்கினாள். வந்து கையைக் கழுவிவிட்டுச் சோறு போட்டாள். அவர் சாப்பிடும்போது எதிரே உட்காரவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கம் போய், தெருவைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டாள். தயிரில் ஒன்றும் விழவில்லை. இருந்தும் இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள்.